எந்த டேங்க்?

போன வருஷம் மே மாதம், எங்கள் ஊருக்குப் பக்கத்தில் நடந்த டென்னிஸ் பால் டோர்னமென்ட்டின் அரையிறுதியில், ஒரே சிங்கம் இரண்டு பக்கமும் ஆடியது. மிகைப்படுத்தவில்லை. அதே முகம், அதே பாதி திறந்த வாய், வலதைவிடக் கொஞ்சம் நீளமான அதே இடது கோரைப்பல். கீழே அதே கேடயம், கேடயத்துக்குக் குறுக்கே அதே ரிப்பன். ஒரு டீமின் சிங்கத்துக்குப் பிடரி ஆரஞ்சு, இன்னொன்றுக்குப் பச்சை. மைக்கில் இருந்தவர் இரண்டு ஓவர் வரைக்கும் டீம் பேரைச் சொல்லிப் பார்த்தார். இரண்டு பேரிலும் ‘லயன்ஸ்’ இருந்தது. மூன்றாவது ஓவரில் அவரே களைத்துப்போய் ‘பச்சப் பிடரி’, ‘ஆரஞ்சுப் பிடரி’ என்று இறங்கிவிட்டார்.

பச்சைப் பிடரி எங்கள் டீம்.

நான் ஆடுவதை நிறுத்திப் பல வருஷம் ஆகிறது. சென்னையில் சாஃப்ட்வேர் வேலை, கோடையில் பத்து நாள் ஊர், அந்தப் பத்து நாளும் குளத்துக்கரையில் உட்கார்ந்து பசங்கள் ஆடுவதைப் பார்ப்பது. அவ்வளவுதான் எனக்கும் கிரிக்கெட்டுக்கும் மிச்சமிருக்கும் உறவு. ஆனால் லேப்டாப் வைத்திருக்கும் ஆள் என்ற ஒரே தகுதியில், ‘அண்ணே, இந்த வருஷம் ஜெர்சி டிசைன் நீங்கதான்’ என்று கேப்டன் பொறுப்பைத் தலையில் கட்டிவிட்டான். சின்னம், நிறம், எழுத்து மூன்றும். இரண்டு வார வேலை என்று நினைத்தேன். நாலு மாதம் ஆனது. டீம் பேரை இங்கே சொல்லப்போவதில்லை. பேரைச் சொன்னால் ஊர் தெரிந்துவிடும், ஊர் தெரிந்தால் தெரு தெரிந்துவிடும். தெரு தெரிந்தால் மிச்சம் எல்லாமே தெரிந்துவிடும் ஜில்லா எங்களுடையது.

முதலில் சிங்கத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதன்மேல் எனக்குப் பயங்கரக் கோபம் இருந்தது. ஜெர்சி அடித்துக் கொடுக்கும் கடைக்குப் போனால் கம்ப்யூட்டரில் ஒரு ஃபோல்டரைத் திறந்து காட்டுவார்கள். சிங்கம், புலி, கழுகு, காளை, கோப்ரா, தீப்பிடித்த பந்து, தீப்பிடித்த மண்டையோடு. எல்லாம் ஆன்லைன் வீடியோகேம் டீம்களுக்காக யாரோ எங்கேயோ வரைந்த டெம்ப்ளேட்டுகள். ஒன்றைத் தொட்டுக் காட்டினால் ரிப்பனில் இருக்கும் பேரை அழித்து நம் பேரை அடித்துவிடுவார்கள். பத்து நிமிஷ வேலை, அதற்குத் தனிக் காசும் கிடையாது. கடைக்காரரைக் குறை சொல்லி ஒன்றும் ஆகப்போவதில்லை. ஜெர்சிக்குத்தான் அவருக்குக் காசு, சின்னத்துக்கு இல்லை.

என் கோபத்துக்கு முதல் காரணம் வெறும் தொழில்நுட்பம். அந்தச் சிங்கம் கம்ப்யூட்டர் திரையில் திரை முழுக்க நிற்கிறது. ஜெர்சியில் இடது நெஞ்சில் அதற்குக் கிடைக்கும் இடம் மூன்று அங்குலம். பிடரியில் ஒரு நாற்பது கோடு, மீசையில் ஆறு, கண்ணுக்குள் வெளிச்சப் புள்ளி. மூன்று அங்குலத்துக்குச் சுருக்கும்போது இதெல்லாம் ஒரு மில்லிமீட்டருக்கும் கீழே போய்விடுகிறது. நம் ஊரில் இப்போது அடிக்கும் ஜெர்சிகள் பெரும்பாலும் சப்ளிமேஷன். டிசைனைத் தனிக் காகிதத்தில் கண்ணாடிப் பிம்பம் போல அச்சடித்து, வெள்ளைப் பாலியெஸ்டர் துணிமேல் வைத்து, கிட்டத்தட்ட 200 டிகிரி சூட்டில் ஒரு நிமிஷத்துக்குள் அழுத்தி எடுப்பார்கள். அந்தச் சூட்டில் மை உருகாமல் நேரடியாக ஆவியாகித் துணியின் இழைக்குள் போய்விடும். அதனால்தான் எத்தனை துவைத்தாலும் உரிவதில்லை, வெடிப்பதில்லை. பருத்தியில் இது பிடிக்காது. ஆவி என்பதால் ஓரம் கத்தியால் வெட்டினது மாதிரியும் இருக்காது, கொஞ்சம் பரவும். தடித்த கோட்டுக்கு அது தெரியாது. மெல்லிய கோடுகள் பக்கத்துக் கோட்டோடு சேர்ந்து கூழாகிவிடும்.

இதைச் சோதிக்க ஒரு வழி இருக்கிறது, எந்த டிசைனரும் தேவையில்லை. சின்னத்தை மூன்று அங்குலத்துக்கு பிரிண்ட் எடுத்து ஒருத்தன் நெஞ்சில் குத்திவிட்டு அவனை பேட்டிங் முனையில் நிறுத்துங்கள். நீங்கள் பவுலிங் முனையில் நில்லுங்கள். நடுவே 22 கஜம், அதாவது இருபது மீட்டர். அங்கிருந்து பார்த்து அது என்ன என்று ஒரே வார்த்தையில் சொல்ல முடிந்தால் சின்னம் தேறியது. எங்கள் பச்சைப் பிடரிச் சிங்கத்தை இப்படி நிறுத்திப் பார்த்தபோது விக்கெட் கீப்பர் பையன் சொன்னான்: ‘வெத்தல எச்சி மாதிரி இருக்குண்ணே.’

ஆக, சிங்கம் சோம்பேறித்தனத்தின் சின்னம் என்று முடிவு கட்டிக்கொண்டேன். சொந்த மண்ணில் ஆயிரம் இருக்க, நம் ஜில்லா காட்டில் என்றைக்கும் இருந்திராத ஒரு மிருகத்தை நெஞ்சில் ஒட்டிக்கொண்டு திரிகிறோமே என்று டீம் வாட்ஸாப் குரூப்பில் நீளமாக ஒரு குரல் பதிவே போட்டேன். இப்போது அதைக் கேட்டால் கூச்சமாக இருக்கிறது.

ஏனென்றால் அர்த்தம் தெரியாத சின்னம் எங்கள் பசங்களின் தனிச் சொத்தே இல்லை. இந்திய அணி நெஞ்சில் இருக்கும் பிசிசிஐ நட்சத்திரம், பிரிட்டிஷ் ராஜ்ஜியம் விசுவாசிகளுக்குக் கொடுத்த ‘இந்தியாவின் நட்சத்திரம்’ என்ற விருதின் சாயலில் இருப்பது. அதை நெஞ்சில் குத்திக்கொண்டு இங்கிலாந்தை ஜெயிக்கிறோம், ஒருத்தருக்கும் உறுத்துவதில்லை. லார்ட்ஸ் மைதானத்தின் சொந்தக்காரர்களான எம்.சி.சி. கிளப்பின் சிவப்பு மஞ்சள் நிறம் உலகப் பிரசித்தம். அது எப்படி வந்தது என்பதற்குச் சொல்லப்படும் கதைகளில் ஒன்று, மைதானத்தை விலைக்கு வாங்கக் கடன் கொடுத்த உறுப்பினர் வில்லியம் நிக்கல்சனின் ஜின் கம்பெனி நிறம் என்பது. உறுதியான சான்று கிடையாது. ஆனால் எங்கள் ஊர்ப் பசங்கள் இந்தக் கதையைக் கேட்டதும் நம்பிவிட்டார்கள். எங்களுக்கும் இரண்டு வருஷம் ஜெர்சி நிறத்தை முடிவு செய்தது ஒரு செல்போன் கடை போர்டுதான்.

சரி, சிங்கம் வேண்டாம், வேறு என்ன? நான் மேதாவித்தனமாக ஊர் முழுக்க நடந்தேன். எங்கிருந்து பார்த்தாலும் தெரிவது எதுவோ அதுதான் ஊரின் சின்னம் என்று ஒரு சித்தாந்தம் வைத்திருந்தேன். பஸ்ஸில் வரும்போது ஊர் வந்துவிட்டது என்று எனக்குச் சொல்வது தண்ணீர் டேங்க்தான். நாலு காலில் நிற்கும் உருளை, பக்கத்தில் ஏணி. வரையவும் சுலபம், 22 கஜத்திலும் தெரியும், நாலு காலில் மூன்றை ஸ்டம்ப் மாதிரிக் காட்டலாம். அன்று இரவே வரைந்து, மறுநாள் சாயங்காலம் ஆட்டம் முடிந்ததும் லேப்டாப்பைத் திறந்து காட்டினேன். எல்லோரும் ‘சூப்பர்ணே’ என்றார்கள். எங்கள் டீமின் இடதுகை பவுலர் மட்டும் குனிந்து ஷூ லேஸை அவிழ்த்துக்கொண்டே கேட்டான்:

‘எந்த டேங்க்குண்ணே?’

எனக்குப் புரியவில்லை. ‘எந்த டேங்க்குன்னா? நம்ம டேங்க்தாம்ல.’

‘அதான், எந்த டேங்க்கு?’

எங்கள் ஊரில் இரண்டு டேங்க் உண்டு. ஒன்று மேலத்தெருவுக்கு, இன்னொன்று ரோட்டுக்கு அந்தப் பக்கம் கீழத்தெருவுக்கு. இது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. முப்பத்தி சொச்சம் வருஷமாகத் தெரியும். ஆனால் ‘ஊர் டேங்க்’ என்று மனசில் வந்து நின்றது ஒன்றுதான், அது என் தெருவுடையது. பவுலர் கீழத்தெரு. அவன் பஸ்ஸில் வரும்போது ஊர் வந்துவிட்டது என்று அவனுக்குச் சொல்வது வேறொரு டேங்க். நாலு கால், உருளை, பக்கத்தில் ஏணி. படத்தில் இரண்டுக்கும் வித்தியாசமே கிடையாது. அது இன்னும் மோசம்.

டேங்க் என்பது தமிழ்நாட்டில் வெறும் கான்கிரீட் இல்லை. 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் பட்டியலின மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டதை எல்லோரும் படித்தோம். நானும் படித்தேன், ஃபேஸ்புக்கில் ஆவேசமாக எழுதினேன். அதே நான்தான் ஒரு கிரிக்கெட் ஜெர்சிக்கு ‘எல்லோருக்கும் பொதுவான’ சின்னமாக டேங்க்கை வரைந்து கொண்டுபோய் நின்றேன்.

அன்று ராத்திரி சிங்கத்தைப் பற்றி எனக்கு வேறொன்று புரிந்தது. நான் ஊரில் ஆடிய காலத்தில் இரண்டு தெருவுக்கும் இரண்டு டீம். இன்று பசங்கள் பாதிப் பேர் கோயம்புத்தூரிலும் திருப்பூரிலும் துபாயிலும் இருக்கிறார்கள், ஒரு தெருவில் பதினோரு பேர் தேறுவதில்லை. மேலத்தெருவுக்கு ஒரு பவுலர் வேண்டியிருந்தது, கீழத்தெருவுக்கு மைதானம் வேண்டியிருந்தது. அப்படித்தான் ஒரே டீம் ஆனது, யாரும் புரட்சி செய்யவில்லை. அந்த டீமுக்குப் பேரும் சின்னமும் தேடியபோது ஊரில் இருந்த எதை எடுத்தாலும் அது யாரோ ஒருத்தருடையதாக இருந்தது. கோயில் கோபுரம் எடுத்தால் யார் எதுவரை உள்ளே போகலாம் என்ற கேள்வி. தேர் எடுத்தால் எந்தத் தெரு வழியாக ஓடும் என்ற கேள்வி. தலைவர் படம் எடுத்தால் பேசவே வேண்டாம். ஆகவே ஆப்பிரிக்காவிலிருந்து ஒரு சிங்கத்தைக் கொண்டுவந்தார்கள். அதற்குத் தெரு கிடையாது. நான் வெறுமை என்று நக்கலடித்தது அவர்கள் பேசாமல் போட்டுக்கொண்ட ஒப்பந்தம்.

தமிழ் சினிமா இந்த இடத்தைச் சுற்றி இரண்டு முறை நன்றாக வந்திருக்கிறது. 2007இல் வந்த ‘சென்னை 600028’ படத்தில் விசாலாட்சி தோட்டத்து ஷார்க்ஸும் ராயபுரத்து ராக்கர்ஸும் மோதுகிறார்கள். டீம் பேர் இரண்டும் இறக்குமதி, ஏரியா மட்டும் அசல். படத்தின் தலைப்பு இன்னும் கெட்டிக்காரத்தனம்: ஊர்ப் பெருமையைப் பின்கோடாக மாற்றிவிட்டது. பின்கோடுக்குள் யார் வேண்டுமானாலும் குடியிருக்கலாம் என்பதால் அது எல்லோருக்கும் பொதுவாகத் தோன்றுகிறது. அந்தச் சந்தோஷம் எனக்கு அன்றைக்கும் பிடித்தது, இன்றைக்கும் பிடிக்கும். ஆனால் 2024இல் ‘லப்பர் பந்து’ வந்து அந்தப் பின்கோடுக்குள் தெருக்களைப் பிரித்துக் காட்டியது. நன்றாக ஆடுகிற ஒருவனைச் சாதியைச் சொல்லி உள்ளே விடாமல் வைத்திருக்கும் அதில் வரும் டீமின் பேர் ‘ஜாலி ஃப்ரெண்ட்ஸ்’. நம் ஊர்களில் ‘ஃப்ரெண்ட்ஸ்’ என்று முடியும் டீம்கள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். அந்த வார்த்தை யாரை எண்ணி வைக்கப்பட்டது, யாரை எண்ணாமல் வைக்கப்பட்டது என்று அந்தப் படத்துக்குப் பிறகு கேட்காமல் இருக்க முடியவில்லை.

நிறம் இன்னும் சிக்கல். சென்னை நண்பர்களிடம் சொன்னால் சிரிக்கிறார்கள், ‘கலர்ல என்னடா இருக்கு?’ என்று. எங்கள் பக்கத்தில் பள்ளிக்கூடத்துப் பையன் கையில் கட்டும் கயிற்றின் நிறத்தை வைத்து அவன் யார் என்று சொல்வார்கள். சிவப்பு, மஞ்சள், பச்சை, காவி என்று மாணவர்கள் சாதி அடையாளமாகக் கயிறு கட்டி வருவதைத் தடுக்கச் சொல்லி 2019இல் பள்ளிக் கல்வித்துறையே சுற்றறிக்கை அனுப்பியது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவரையும் அவர் தங்கையையும் கூடப் படித்த மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதற்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் கொடுத்த அறிக்கை, நிறக் கயிறுகளுக்குத் தடை விதிக்கப் பரிந்துரைத்தது. இப்படிப்பட்ட இடத்தில் உட்கார்ந்துகொண்டு ‘ப்ரைமரி கலர், செகண்டரி கலர்’ என்று பேசுவது எவ்வளவு அபத்தம் என்று எனக்கே தெரிந்தது.

முதலில் ஒருவன் மஞ்சள் என்றான். சிஎஸ்கே, தோனி, எல்லாம் சேர்த்து. மஞ்சளோடு பார்டருக்கு அவன் சொன்ன இரண்டாவது நிறம் வந்ததும் நாலு பேர் போனைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். எந்த நிறம் என்று நான் சொல்லவில்லை, எங்கள் பக்கத்துக்காரர்களுக்குப் புரியும். அதை வேண்டாம் என்று யார் சொன்னாலும் சொன்னவனின் தெரு வெளியே வந்துவிடும்.

அப்போது எனக்குக் கைகொடுத்தது பந்து. எங்கள் டோர்னமென்ட்டுகளில் பச்சை கலந்த பளீர் மஞ்சள் டென்னிஸ் பந்துதான். மஞ்சள் ஜெர்சி போட்ட பவுலர் கையைச் சுழற்றும்போது பந்து அவன் நெஞ்சுக்கு முன்னால் ஒரு நொடி காணாமல் போய்விடும். ஃபீல்டர் த்ரோ அடித்தாலும் பின்னால் நிற்பவன் சட்டை மஞ்சளாக இருந்தால் பந்து தாமதமாகத்தான் கண்ணில் படும். வெள்ளைப் பந்து வந்த ஆட்டங்களில் வெள்ளை உடையை விட்டுக் கலர் உடைக்கு மாறினதற்கும் இதே காரணம்தான். ‘நம்ம கீப்பருக்கே பந்து தெரியாதுல’ என்று சொன்னேன். உடனே தலையாட்டினார்கள். மஞ்சளை முன்மொழிந்தவனே முதலில் ஆட்டினான். அது உண்மையான காரணம்தான், ஆனால் அன்று அந்த அறையில் அது செய்த வேலை வேறு. யாரும் யாரையும் வேண்டாம் என்று சொல்லாமல் ஒரு நிறம் வெளியே போனது.

அடுத்து நீலம். ‘இந்தியா டீம் கலர்ணே’ என்றான் ஒருவன். மேலத்தெருப் பையன் ஒருவன் மெதுவாக, ‘அது அவுக கலரு’ என்றான். அம்பேத்கர் கொடியின் நீலத்தைச் சொல்கிறான். டிவியில் கோலி போட்டால் அது தேசம், பக்கத்துத் தெருவில் கொடியாகப் பறந்தால் அது அவுக. இந்த முறை என்னிடம் பந்து மாதிரி எந்தத் தந்திரமும் இல்லை. இருக்கவும் கூடாது என்று தோன்றியது. ‘இந்தியா போட்டா நீ கைதட்டுத, இங்க போட்டா என்னல?’ என்று கேட்டுவிட்டேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு கேப்டன், ‘நீலமே இருக்கட்டும்’ என்று முடித்தான். இரண்டு பேர் முகம் சரியில்லை.

இனிமேல் நடந்ததுக்கு முழுப் பொறுப்பும் பிரிண்டர்தான். நான் திரையில் தேர்ந்தெடுத்தது நல்ல ஆழமான நீலம். திரை வெளிச்சத்தால் நிறம் காட்டுகிறது, பிரிண்டர் சயான், மெஜந்தா, மஞ்சள், கருப்பு என்று மையைக் கலந்து காட்டுகிறது. திரையில் வரும் நிறங்கள் எல்லாம் மையில் வருவதில்லை. அதிலும் ஆழமான நீலம் பேர்போன வம்பு. அதற்குச் சயானும் மெஜந்தாவும் நிறைய வேண்டும், மெஜந்தா கொஞ்சம் கூடிவிட்டால் நீலம் ஊதாவுக்குச் சாய்ந்துவிடும். அனுபவஸ்தர்கள் மெஜந்தாவைச் சயானைவிட முப்பது சதவீதமாவது குறைத்து வைப்பார்கள். போதாக்குறைக்கு சப்ளிமேஷனில் காகிதத்தில் தெரியும் நிறம் ஒன்று, சூடு பட்ட பிறகு துணியில் தெரிவது இன்னொன்று. அதனால் முதலில் அந்தக் கடையின் மெஷினிலேயே, அந்தத் துணியிலேயே ஒரு நிற அட்டவணையை அச்சடித்து வாங்கி, அதில் விரலை வைத்துத்தான் நிறம் சொல்ல வேண்டும். ஒரு மாதிரி ஜெர்சி அடித்து வெயிலில் வைத்துப் பார்க்க வேண்டும். இதையெல்லாம் இப்போது எழுதுகிறேன். அப்போது திரையைப் பார்த்து ஃபைலை மெயில் பண்ணிவிட்டேன். மாதிரியாக வந்த சட்டை பளிச்சென்று நாவல்பழ நிறத்தில் இருந்தது.

பைத்தியம் பிடிக்காத குறை. திருப்பி அனுப்பலாம் என்று மடித்துக்கொண்டிருந்தேன். பசங்கள் ஒவ்வொருத்தராக வந்து தொட்டுப் பார்த்தார்கள். இடதுகை பவுலர் அதைத் தன்மேல் வைத்துப் பார்த்துவிட்டு, ‘நாவப்பழம்லா’ என்றான். நீலத்துக்கு முகம் சுளித்தவனும் போட்டுப் பார்த்தான். மஞ்சள் பந்தை அதன் முன்னால் பிடித்துப் பார்த்தோம், சும்மா எரிந்தது. எங்கள் வட்டாரத்தில் அந்த நிறத்துக்கு ஒரு கொடியும் இல்லை, ஒரு கயிறும் இல்லை. இதை நான் யோசித்துக் கண்டுபிடித்தேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான்.

அந்த மாதிரிச் சட்டையில் நெஞ்சு காலியாக இருந்தது. சின்னம் கிடைத்தது குளத்தில். கோடையில் தண்ணீர் வற்றியதும் எங்கள் மைதானமே குளத்தின் உள்வாய்தான். கரைக்குக் கொஞ்சம் முன்னால், லாங் ஆன் பக்கம், இரண்டு கல்தூண்கள் நிற்கின்றன. ஒரு ஆளைவிட உயரம். இரண்டையும் இணைத்துக் குறுக்கே கற்பலகைகள், பலகை நடுவில் ஓட்டை. புத்தகத்தில் இதற்குக் குமிழித் தூம்பு என்று பேர், நாங்கள் மடைக்கல் என்போம். தூணுக்குக் கீழே கல்பெட்டி, அதில் தண்ணீர் இறங்க ஒரு துளை. மேலே குறுக்குப் பலகையின் ஓட்டைகள் வழியாக ஒரு கம்பம் இறங்கி அந்தத் துளையை அடைத்துக்கொண்டிருக்கும். குளம் நிரம்பியிருக்கும்போது ஒருவர் நீந்திப்போய்க் கம்பத்தைத் தூக்கினால் வயலுக்குத் தண்ணீர் போகும். பாண்டிய நாட்டுக் குளங்களில் இது பல நூறு வருஷத்துப் பழக்கம். இப்போது கரையில் இரும்பு ஷட்டர் வந்துவிட்டது, மடைக்கல்லில் நாங்கள் பேட் சாத்தி வைக்கிறோம்.

இரண்டு தூண், மேலே ஒரு குறுக்குக் கல். அது ஸ்டம்பும் பெயிலும்தான். எத்தனை வருஷம் அதன் நிழலில் தண்ணீர் குடித்திருக்கிறேன், கண்ணில் பட்டதே இல்லை. வரைந்து காட்டியது நான், கண்டுபிடித்தது விக்கெட் கீப்பர் பையன். மூன்று தடித்த கோடு, கீழே தண்ணீருக்கு ஒரு வளைகோடு. அவ்வளவுதான் சின்னம். வெள்ளையில் வைத்தோம். சப்ளிமேஷனில் வெள்ளை மை கிடையாது, அச்சடிக்காமல் விட்ட துணிதான் வெள்ளை. ஊதா பரவி உள்ளே வந்தாலும் மூடாத அளவுக்குக் கோடுகளை ஏழு மில்லிமீட்டர் தடிமனில் போட்டேன். 22 கஜத்தில் நிறுத்திப் பார்த்தபோது, இதுவரை அதைப் பார்த்திராத வெளியூர்ப் பையன் ஒருவன் ‘ஸ்டம்ப்’ என்றான். எங்கள் ஊர்ப் பாட்டி ஒருத்தி ‘மடக்கல்லுல்லா’ என்றாள். ஒரு சின்னத்துக்கு இதைவிட வேறென்ன சான்றிதழ் வேண்டும்?

ஆனால் கேள்வி வராமல் இல்லை. டேங்க்கில் அடிபட்டவன் என்பதால் இந்த முறை நானே முன்கூட்டிப் போய்க் கேட்டேன். டீக்கடையில் என் தெருப் பெரியவர் ஒருவர் படத்தைப் பார்த்துவிட்டு, ‘இந்தக் கல்லு எங்க பாட்டன் நட்டதுலா’ என்று மீசையைத் தடவினார். அங்கே நின்றிருந்த பவுலரின் தாத்தா கிளாஸை வைத்துவிட்டு, ‘அண்ணாச்சி, நட்டது உங்க பாட்டனா இருக்கட்டும். முங்கித் தொறந்தது எங்க பாட்டன்’ என்றார். அவர் குடும்பம்தான் தலைமுறை தலைமுறையாக மடை திறந்தது. வயல் யாருடையது, கூலி எவ்வளவு என்பதெல்லாம் அந்த ஒரு வரியில் இருந்தது. அண்ணாச்சி ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் இரண்டு பேருமே படத்தைத் தங்களுடையது என்றார்கள், ஒருவரும் அது தங்களுடையதில்லை என்று சொல்லவில்லை. டேங்க்குக்கு அது நடக்கவில்லை. சிங்கத்தை யாரும் தங்களுடையது என்று சொன்னதே இல்லை.

எழுத்துக்கு வந்தபோது எனக்கு வேலை கொஞ்சம் பழக்கமான வேலையாக இருந்தது. முதுகில் பேர்களைத் தமிழில் போட வேண்டும் என்று பசங்களே கேட்டார்கள். ஜெர்சியில் ஏன் எப்போதும் இங்கிலீஷ் என்று நாம் மோகம், அடிமை மனசு என்றெல்லாம் எழுதுகிறோம். அதில் பாதி சாஃப்ட்வேர் கோளாறு. கடைகளில் இருப்பது பெரும்பாலும் பழைய கோரல் டிரா. யூனிகோடில் ‘மே’ என்ற எழுத்து இரண்டு துண்டாகத்தான் சேமிக்கப்படுகிறது: முதலில் ம (U+0BAE), அதற்குப் பின்னால் ஏகாரக் கொம்பு (U+0BC7). கொம்பை மகரத்துக்கு முன்னால் கொண்டுபோய் வைப்பது எழுத்தைக் காட்டும் மென்பொருளின் வேலை. பழைய பதிப்புகளுக்கு அது தெரியாது, கொம்பு பின்னாலேயே தொங்கும். ஆபரேட்டர் அதைப் பார்த்து, ‘தமிழ் செட் ஆகாது சார், இங்கிலீஷ்ல போட்டுருவோம்’ என்பார். நான் பேர்களை வீட்டிலேயே இன்க்ஸ்கேப்பில் அடித்து, எழுத்துகளை வெறும் கோட்டுருவமாக மாற்றி அனுப்பினேன். அப்புறம் கடைக்காரரின் மெஷினுக்கு அது தமிழா சிங்கமா என்று தெரிய வேண்டிய அவசியம் இல்லை. ஒவ்வொரு பேரையும் எழுத்தெழுத்தாகச் சரிபார்த்துவிட்டுத்தான் அச்சுக்கு விட்டேன். மெயிலில் அனுப்பிவிட்டு நம்பிக்கையோடு காத்திருக்கும் பழக்கம் நீலத்தோடு போயிற்று.

நான் இதை ஒரு வெற்றிக் கதையாகச் சொல்லப் பார்க்கிறேனோ என்று எழுதும்போதே சந்தேகம் வருகிறது. டேங்க் இன்னும் இரண்டுதான். ஜெர்சி வந்த அன்று எல்லோரும் குளத்தில் நின்று போட்டோ எடுத்தோம், அதன்பின் சாப்பாடு அவரவர் தெருவில். கோயில் கொடை சமயத்தில் மேலத்தெருப் பையன் ஒருவன் வீட்டில் அந்தச் சட்டையைப் போடக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள், அவன் மூன்று நாள் போடவில்லை. நிறம் புதுசாக இருந்தாலும் யாரோடு சேர்ந்து வாங்கியது என்று வீட்டுக்குத் தெரியும். இதை ஒரு சின்னம் மாற்றும் என்று டிசைன் புத்தகம் எழுதுகிறவர்கள் வேண்டுமானால் சொல்லட்டும். ஆட்டம் நடக்கும் எட்டு ஓவருக்கு இரண்டு தெருப் பையன்களும் கூச்சமில்லாமல் போட்டுக்கொள்ள ஒரு சட்டை என்ற அளவில்தான் நான் அதை மதிப்பிடுகிறேன். அந்த அளவில் பழைய சட்டையைவிட இது மேல்.

இந்த வருஷ டோர்னமென்ட்டில் நாங்கள் காலிறுதியிலேயே தோற்றோம். ஆரஞ்சுப் பிடரிச் சிங்கத்திடம்தான். ஆட்டத்துக்கு நடுவில் அந்த டீமில் ஒருத்தன் எங்கள் சின்னம் என்னவென்று கேட்டிருக்கிறான், பவுண்டரியில் நின்ற எங்கள் பையன் ‘மடை’ என்றிருக்கிறான். போதாதா? மைக்வரைக்கும் போய்விட்டது. ‘அடுத்த ஓவரை வீச வருகிறது மடையன்ஸ் அணி’ என்று ஸ்பீக்கரில் முழங்கியதும் கூட்டம் சிரித்து உருண்டது. எனக்கு ரத்தம் கொதித்தது. நாலு மாத உழைப்பு. இடதுகை பவுலர் ரன்அப் முனையில் நின்று பந்தைச் சட்டையில் துடைத்துக்கொண்டிருந்தான். அவன் தாத்தாவின் தொழிலைச் சொல்லித்தான் சிரிக்கிறார்கள் என்பது அவனுக்குத் தெரியாமல் இருக்காது. ஓடிவந்து முதல் பந்திலேயே நடு ஸ்டம்பைப் பிடுங்கினான். பிறகு மைக் இருந்த பக்கம் திரும்பி, நெஞ்சில் இருந்த கல்லை இரண்டு விரலால் தட்டிக் காட்டினான்.

போன வாரம் கேப்டன் மெசேஜ் அனுப்பியிருந்தான். அடுத்த வருஷ ஜெர்சியில் காலருக்குப் பின்னால் சின்னதாக ‘மடையன்ஸ்’ என்று போட முடியுமா என்று கேட்டிருந்தான். கேட்கச் சொன்னது யார் என்று கேட்டேன். பவுலர் என்று பதில் வந்தது. காலர் பட்டியில் கிடைக்கும் உயரம் இரண்டு சென்டிமீட்டர்தான். ஐந்து எழுத்து, தடித்த வடிவம், புள்ளி வைக்க மேலே கொஞ்சம் இடம். தாராளமாக வரும் என்று எழுதினேன்.